விரதமும் பட்டினியும்

"வணக்கம் மேடம். என் அம்மாவுக்கு 66 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா போன பிறகு ஆறு வருஷமாகக் காரைக்குடியில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு வந்தால் பத்தாவது நாளே 'ஊருக்குப் போறேன்' என்று பையைக் கட்டிவிடுவார். போனில் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கும். என் மாமனாருக்கு 72. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், பாளையங்கோட்டையில் இருக்கிறார். அத்தை இறந்து 14 மாதம். அவரும் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார். ஆனால் ஆறு கிலோ இளைத்துவிட்டார். ராத்திரி முழுக்க டிவி ஓடுகிறது. பக்கத்து வீடு, சொந்தக்காரர்கள் எல்லோரோடும் மனத்தாங்கல். போன் செய்தால் 'ம்... ம்... வைக்கட்டா' என்கிறார். இருபது நாள் இங்கே கூட்டிவந்தோம். பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தார், இன்னும் வாடித்தான் போனார். இரண்டு பேரையும் நிரந்தரமாக அழைத்துவந்துவிடலாம் என்கிறார் என் கணவர். ஒரே தனிமை அம்மாவுக்கு ஒத்துப்போகிறது, மாமாவுக்கு ஏன் ஒத்துப்போகவில்லை? நாங்கள் என்ன செய்வது?"
— வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவைக் காரைக்குடியிலேயே விடுங்கள். மாமாவையும் இப்போதைக்குச் சென்னைக்குக் கூட்டிவர வேண்டாம். முதல் பதிலை நீங்களே எதிர்பார்த்திருப்பீர்கள். இரண்டாவதற்குத்தான் விளக்கம் தேவை.

'தனியா இருக்கேன்' என்று ஒருவர் சொன்னால் அது நிம்மதியா புலம்பலா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நாம் இந்தத் தவறைச் செய்வதில்லை. ஏகாதசிக்குச் சாப்பிடாமல் இருப்பவரையும் வீட்டில் அரிசி இல்லாமல் சாப்பிடாதவரையும் நாம் ஒன்றாகச் சொல்வதில்லை. வயிறு இரண்டு பேருக்கும் காலிதான். ஒருவர் தானாக எடுத்துக்கொண்டார், துவாதசி காலையில் பாரணை உண்டு என்று அவருக்குத் தெரியும். மற்றவருக்கு எப்போது முடியும் என்று தெரியாது. உங்கள் அம்மா இருப்பது விரதம், மாமா இருப்பது பட்டினி.

இது வெறும் உவமை இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவுகள் 2020-இல் வெளியாயின. 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் யாரோடும் பேசவிடாமல் தனி அறையில் வைத்தார்கள். இன்னொரு நாள் பத்து மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்கள். அதன் பிறகு மூளையை ஸ்கேன் செய்துகொண்டே படங்களைக் காட்டினார்கள். பசித்தவர்களுக்குச் சாப்பாட்டுப் படத்தைப் பார்த்ததும் நடுமூளையில் எந்த இடம் துடித்ததோ, தனித்திருந்தவர்களுக்கு நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் படத்தைப் பார்த்ததும் அதே இடம் துடித்தது. துணை இல்லாத ஏக்கத்தையும் பசியைப் போன்ற ஒரு தேவையாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. அதை மனசு பலவீனமானவர்களின் கோளாறு என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. உங்கள் மாமாவின் கதை அந்த இடத்தில்தான் இருக்கிறது. பசித்தவன் முன்னால் இலை போட்டால் சாப்பிட்டுவிடுவான். துணையில்லாமல் நாள்பட்டவர் முன்னால் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் இலையை மூடிவிடுவார். நீங்கள் இருபது நாள் பந்தி வைத்தீர்கள், அவர் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ இருபது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ந்தார். 2018-இல் இறந்துவிட்டார். அவர் சொன்னது இது: கூட்டத்திலிருந்து விலகிப்போன உயிருக்குக் காட்டில் ஆபத்து அதிகம். அதனால் தனித்து விடப்பட்டதாக உணர்ந்ததும் உடம்பு காவலுக்கு எழுந்துவிடுகிறது. யார் நம்மைக் கவனிக்கவில்லை, யார் முகம் சுளித்தார், யார் பத்திரிகை வைக்காமல் விட்டார் என்று கண் தேட ஆரம்பிக்கிறது. தேடுகிறவனுக்குக் கிடைக்காமலா போகும்? கிடைத்ததும் அவர் ஒதுங்குகிறார், ஒதுங்கியதும் மற்றவர்களும் வருவதைக் குறைக்கிறார்கள், 'பாத்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு' என்று ஆகிவிடுகிறது. மாமாவின் மனத்தாங்கல்கள் எல்லாம் அவர் குணம் மாறிப்போனதால் வந்தவை என்று நினைக்காதீர்கள். அவருக்குள் ஒரு கூர்க்கா நின்றுகொண்டு இருபத்துநாலு மணி நேரமும் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்.

ராத்திரி டிவியும் அதே கூர்க்கா செய்யும் வேலைதான். துணையில்லாத உணர்வோடு படுப்பவர்கள் மற்றவர்கள் அளவுக்கே நேரம் படுக்கையில் கிடந்தாலும் தூக்கம் துண்டு துண்டாக உடைகிறது என்பதைக் கசியோப்போ குழுவே அளந்து காட்டியிருக்கிறது. பாதி அவர்களுக்கே நினைவில் இருக்காத சின்னச் சின்ன விழிப்புகள். வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால் காவல் கொஞ்சம் தளரும், அதற்குத்தான் டிவி. அவர் படம் பார்க்கவில்லை. 'கரண்ட் பில் ஏறுது, அணைச்சிட்டுப் படுங்க மாமா' என்று சொல்லியிருந்தால், இனி சொல்லாதீர்கள்.

இப்போது அம்மாவுக்கு வருவோம். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் மிக எளிமையானது. ஆட்களைப் பதினைந்து நிமிஷம் தனியாக உட்கார வைத்து, முன்னும் பின்னும் மனநிலையைக் கேட்டார்கள். தனிமை சந்தோஷத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. கொதிப்பு இறங்கியது. கோபம், பதற்றம் போன்ற கொதிப்பும் இறங்கியது, குதூகலம் போன்ற கொதிப்பும் இறங்கியது. அடுப்பைச் சிம்மில் வைத்தது போல. அதுவும் தானாக விரும்பி உட்கார்ந்தவர்களுக்கு அந்த இறக்கம் நிம்மதியாக வந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஐம்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பில் நின்ற ஒருவருக்கு அடுப்பு சிம்மில் இருப்பதே போதும். மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் யார் முகத்துக்கும் ஏற்ப நம் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று டீச்சர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் மாமாவின் அடுப்பில் கொதிப்பே இல்லை, துக்கம்தான் இருக்கிறது. அதைச் சிம்மில் வைத்தால் அடிபிடிக்கும். சும்மா உட்கார்ந்த நேரமெல்லாம் 'அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ' என்ற ஒரே கேள்வி நூறு தடவை சுற்றும். இந்தச் சுழற்சி யோசனை மாதிரி தெரியும், ஆனால் எந்த முடிவுக்கும் வராது. ஒருவர் தனியாக எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்று கணக்கெடுப்பதை விட, அந்த நேரத்தில் மனசு எங்கே போகிறது என்பதைத்தான் நான் விசாரிப்பேன்.

அம்மா உண்மையில் தனியாக இல்லை என்பது இன்னொரு விஷயம். டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர், 1958-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் சொல்வது: தனியாக இருக்கும் திறமையைக் குழந்தை அம்மாவின் அருகில்தான் கற்கிறது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்க, குழந்தை இரண்டடி தள்ளி ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருக்கும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவள் இருக்கிறாள் என்ற தெம்பில்தான் அது தன் போக்கில் இருக்கிறது. வயதான பிறகும் இதே கணக்குதான். உங்கள் அம்மாவின் ஒரு நாளை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். விடிகாலையில் கோலம் போடும்போது எதிர்வீட்டம்மா ஒரு வார்த்தை பேசுவார். பால்காரர், பூக்காரி, கோயில் வாசலில் 'டீச்சர்' என்று கும்பிடும் பழைய மாணவன். ஒவ்வொன்றும் அரை நிமிஷம். அந்த அரை நிமிஷங்களைச் சேர்த்துத்தான் மத்தியானக் கதவு சாத்தப்படுகிறது. சென்னையில் அவருக்கு நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் அந்த அரை நிமிஷங்கள் இல்லை, கதவும் இல்லை. பத்தாவது நாள் பையைக் கட்டுவதில் ஆச்சரியம் என்ன?

இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலியில் கோயிலுக்குப் போவது நின்றுவிட்டால், எதிர்வீடு காலியானால், விரதம் சத்தமில்லாமல் பட்டினியாக மாறிவிடும், அவரும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்றே சொல்லுவார். குரல் தெளிவை மட்டும் நம்பாதீர்கள். 'இன்னிக்கு யார்கிட்டம்மா பேசினே?' என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். பெயர்கள் குறைந்துகொண்டே வந்தால் உடனே போய்ப் பாருங்கள்.

மாமாவிடம் இந்தக் கேள்வி வேலை செய்யாது. 'தனிமையா இருக்கா மாமா?' என்று கேட்டால், அந்த வயது ஆண் யாரும் ஆமாம் என்று சொல்லிப் பார்த்ததில்லை. நாங்கள் தொழில்முறையில் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம்: பேச்சுத்துணை இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி, மற்றவர்களிடமிருந்து துண்டித்துக் கிடக்கிறோம் என்று எவ்வளவு அடிக்கடி. அரிதாக என்றால் 1, சில சமயம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நான் விடாமல் விசாரிப்பேன். கவனியுங்கள், தனிமை என்ற சொல் அந்த மூன்றிலும் இல்லை. வேண்டுமென்றேதான். வீட்டாருக்கு இதைவிட எளிதான அடையாளம் ஒன்று உண்டு. நாள் முழுக்கத் தனியாக இருந்தவரிடம் சாயங்காலம் ஒருவர் வந்து பேசினால் அவர் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? தனித்திருந்து தெளிந்தவர் ஆட்களை நோக்கி வருவார். தனித்திருந்து தேய்ந்தவர் ஆட்களிடமிருந்து விலகுவார்.

இனி செய்ய வேண்டியவை. மனசுக்கு முன்னால் உடம்பு. ஆறு கிலோ குறைந்ததைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பொது மருத்துவரிடம் காட்டிச் சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்த்துவிடுங்கள். அதோடு, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்ட ஒரு சொல் அந்த 'ம்... ம்...'. அவருக்குக் காது எப்படி? டிவியை எத்தனையில் வைக்கிறார்? வயதாகும்போது முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். பேச்சின் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பெண்கள், குழந்தைகள் குரல் அதிலும் கஷ்டம். போனில் உதட்டைப் பார்க்கவும் வழியில்லை. மருமகள் என்ன கேட்டாள் என்று புரியாதவர், 'என்னம்மா?' என்று மூன்றாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டு 'ம்' போட்டு வைத்துவிடுவார். நாலு பேர் பேசிச் சிரிக்கும் இடத்தில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பதற்கும் இதைவிடக் காரணம் வேண்டாம். ஈஎன்டி மருத்துவரிடம் ஒரு ஆடியோகிராம் எடுக்க அரை மணி நேரம் போதும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இதே கதைதான், அதை ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள். மனநல ஆலோசனைக்கு வந்த பெரியவர்களை முதலில் காது பார்க்க அனுப்பி, பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வு நோயா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். துணை இல்லாத வருத்தம், சரியான ஆள் வந்தால் அந்த நேரத்துக்காவது விலகும். பேரனைப் பார்த்தும், தனக்குப் பிடித்த மீன் குழம்பைப் பார்த்தும் எதுவும் அசையவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இப்படியே என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், மருந்தும் தேவைப்படலாம். 'சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா நல்லது' என்ற பேச்சு, பத்திரம், நகையை எல்லாம் திடீரென்று பிரித்துக் கொடுப்பது, சாப்பாட்டையும் மாத்திரையையும் நிறுத்துவது, குடி கூடுவது இதில் எது தென்பட்டாலும் இந்தக் கடிதத்தில் சொன்ன எதையும் செய்து காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கிளம்புங்கள். வழி தெரியாமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இவையெல்லாம் பார்த்தாயிற்று, மீதி இருப்பது துணையின்மைதான் என்றால் என்ன செய்வது? மதுரையில் என்னிடம் வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 69 வயது, ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர், மனைவி போய் ஒரு வருஷம். மகள் இழுத்துக்கொண்டு வந்தாள். 'எனக்குப் பைத்தியமா?' என்பதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம்.

'போன மாசம் ஒருத்தன் எட்டிப் பாக்கல' என்றார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் நானும் அந்த ஒருத்தன்களில் ஒருத்தி ஆகிவிடுவேன். கணக்கெழுதியவர் அல்லவா, ஒரு நோட்டு கொடுத்து, வரவு ஒரு பக்கம், வராதவர் ஒரு பக்கம் என்று இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னேன். அதோடு யாராவது வந்த நேரம், தான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்றும். நோட்டு வந்தது. வரவுப் பக்கத்தில் மூன்று பெயர். மூன்று பேரும் காலை பதினோரு மணி வாக்கில் வந்து, கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் அவருக்கே தெரியும். ராத்திரி விழித்துக் கிடந்து விடிந்ததும் தூங்குகிறவர், பதினோரு மணிக்கு நல்ல தூக்கத்தில் இருந்திருக்கிறார். நோட்டை அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'தூங்கினது நான்தானா' என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

துணையின்மைக்கான சிகிச்சை முறைகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2011-இல் வந்தது. ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துவது, பழகக் கற்றுக்கொடுப்பது, ஆதரவு தருவது, இவற்றைவிட 'என்னை ஒதுக்குகிறார்கள்' என்ற வாசிப்பைச் சரிபார்க்க உதவுவதுதான் கூடுதலாகப் பலன் தந்தது. அந்த நோட்டு அதற்குத்தான். கூர்க்காவோடு வாதாட முடியாது, ஆனால் அவர் கையில் ஒரு வருகைப் பதிவேட்டைக் கொடுக்கலாம்.

அடுத்ததில் நான் சறுக்கினேன். கோயில் திருப்பணிக் குழுவில் அவரைச் சேர்த்துவிடச் சொன்னேன். இருபது பேர், நிறையப் பேச்சு. ஒரே வாரத்தில் திரும்பிவிட்டார். யாரோ ஒருவர் 'தனி ஆள்தானே, உமக்கென்ன செலவு' என்று சொன்னாராம். பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில் கல்யாண விருந்து போட்டது என் தப்பு. பிறகு கஞ்சியிலிருந்து தொடங்கினோம். காலை ஆறேகால் மணிக்கு டீக்கடை, பத்து நிமிஷம், யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் தினமும் அதே நேரம். பத்து நாளில் கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போட ஆரம்பித்தார். அந்தக் காலை நேரமே பகல் தூக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தது. அடுத்த மாதம் தெருமுனை மாவு மில்லின் கணக்குப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை. மில்காரர் அதிகம் பேசாதவர், மிஷின் சத்தத்தில் பேசவும் முடியாது. அதுதான் சௌகரியமாகப் போயிற்று. முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வராத ஆண்களுக்குத் தோளுக்குத் தோள் நின்று ஒரு வேலை பார்ப்பது எளிது.

நாலு மாதத்தில் மூன்று கிலோ ஏறினார். டிவி பதினொரு மணிக்கு அணைந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அழுதுகொண்டுதான் இருந்தார், நான் பார்ப்பதை நிறுத்திய வரைக்கும். ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-இலேயே சொன்னார்: நெருக்கமான ஒருவர் இல்லாத குறை வேறு, ஒரு வட்டம் இல்லாத குறை வேறு, ஒன்றைக் கொண்டு மற்றதை நிரப்ப முடியாது. மனைவியின் இடம் மாவு மில்லால் நிரம்பாது. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சொந்தபந்தம், அக்கம்பக்கம், நல்லது கெட்டது என்று எல்லாத் தொடர்பும் மனைவி கையில்தான் இருக்கும். அவள் போனதும் அவருக்கு இரண்டு குறையும் ஒரே நாளில் வந்து சேரும். நெருக்கத்தின் குறையை உங்களாலும் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, அவர் அழட்டும். வட்டத்தின் குறையைத்தான் நாம் தொட முடியும்.

கடைசியாக வந்தபோது அந்தப் பெரியவர் சொன்னது நினைவிருக்கிறது. வண்டியூர் தெப்பக்குளப் படிக்கட்டில் ஒரு காலை அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம். 'யாரும் இல்ல மேடம். ஆனா நல்லா இருந்துச்சு' என்றார். ஒரு வருஷமாக அவர் தனியாகத்தான் இருந்தார். தனிமை அவருக்கு நல்லதாக இருந்தது அன்றுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் ஒரு டீக்கடையும் ஒரு கணக்குப் புத்தகமும் வரவேண்டியிருந்தது.

இப்போது புரிந்திருக்கும், மாமாவைச் சென்னைக்குக் கொண்டுவருவதில் எனக்கு ஏன் தயக்கம் என்று. பாளையங்கோட்டையில் அவர் சண்டை போட்டிருக்கும் ஆட்களாவது இருக்கிறார்கள். சண்டை போட்டவரோடு சமாதானம் ஆகலாம். ஃபிளாட்டில் நீங்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போன பிறகு சண்டை போடக்கூட ஆள் கிடையாது. சாயங்காலம் வீடு நிறைந்திருக்கும், ஆனால் அவரால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் அங்கே இருக்காது. வீடு நிறைய ஆள் இருக்கும்போது வரும் துணையின்மையைப் 'பிள்ளைகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் குறை' என்ற குற்ற உணர்வோடு சேர்த்து விழுங்க வேண்டும், அது இன்னும் கொடுமை. பிற்பாடு உடம்பு முடியாமல் வரத்தான் வேண்டும் என்ற நாள் வந்தால், அவரையே தேதி சொல்லச் சொல்லுங்கள், ஊர் வீட்டைப் பூட்டி வையுங்கள், விற்காதீர்கள். திரும்பிப் போக ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தால் இருக்கும் இடம் கொஞ்சம் இளகும்.

அதுவரை போனை மாற்றுங்கள். நேரம் ஒன்றாக இருக்கட்டும், தினமும் ராத்திரி எட்டு என்றால் எட்டு. கூப்பிடுவது உங்கள் கணவராக இருக்கட்டும். மருமகள் கேட்டு மகன் கேட்காத நலம் பாதி நலம்தான். முடிந்தால் வீடியோவில், உதடு தெரியட்டும். 'சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா' என்ற விசாரணை ஒரு நர்ஸ் கேட்பது மாதிரி இருக்கும், அதற்கு 'ம்' தவிர வேறு பதில் கிடையாது. முப்பது வருஷம் மின்கம்பம் ஏறியவர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவரிடம் கேட்க உங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லையா?

கட்டாயம் இருக்கும். ஏசி போட்டால் விழுகிற டிரிப்பர், கீசரைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று பிடிப்பது, எலெக்ட்ரீஷியன் சொன்ன கூலி நியாயமா என்பது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவரை மெயின் போர்டு முன்னால் நின்று வீடியோ போடச் சொல்லுங்கள். அப்பா திட்டுவார். எந்த மடையன் இப்படி வயரிங் பண்ணினான் என்பார். திட்டி முடியும் வரை போனை வைக்க வேண்டாம். அவர் நேரில் வந்து பார்க்கிறேன் என்றால், டெஸ்டரைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.